நான் ஒன்-டவுன் இறங்கினால் 75 சதவீதம் ஜெயம், கோச் ஏன் கேட்க மாட்டேன் என்கிறார்?

கேள்வி: சார், நான் சென்னையில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறேன். ஸ்கூல் டீமில் ஆடுகிறேன். எங்கள் மேட்ச் எல்லாம் 30 ஓவர். இந்த வருடம் 12 மேட்சில் 5 ஜெயித்தோம். நான் ஒன்-டவுன் இறங்கிய 4 மேட்சில் 3 ஜெயம், அதாவது 75 சதவீதம். ஆறாவதாக இறங்கிய 8 மேட்சில் 2 தான் ஜெயம், 25 சதவீதம். இதை ஒரு பேப்பரில் எழுதி, பிராக்டிஸுக்கு நிற்கும்போது கோச் சாரிடம் காட்டினேன். எல்லார் முன்னாடியும் "போய் கேட்ச் பிடிச்சுப் பழகு" என்று சொல்லிவிட்டார். வழக்கமாக ஒன்-டவுன் இறங்குகிறவன் கேப்டனின் ஃப்ரெண்ட், அதனால்தான் என்று நினைக்கிறேன். இப்போது கேப்டனும் என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. பிரின்சிபாலுக்கு லெட்டர் எழுதுகிறேன் என்கிறார் அப்பா. என் கணக்கு தப்பா சார்? ஸ்கோர் புக் பக்கங்களை போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறேன்.

பதில்: தம்பி, நீ வகுத்தது சரி. மழையில் நின்றுபோன மேட்ச்களை விட்டுவிட்டு, முடிவு வந்தவற்றை மட்டும் எடுத்ததும் சரி. சர்வதேச ஒருநாள் போட்டிகளின் வெற்றி சதவீதத்தையும் வழக்கமாக அப்படித்தான் போடுகிறார்கள்; டை ஆன மேட்சை மட்டும் அரை வெற்றியாக எடுத்துக்கொள்வார்கள். நீ தவறியது அடுத்த படியில். "நான் மேலே இறங்கியதால் ஜெயித்தோம்" என்று அந்த 75 சொல்லவில்லை.

உன் ஸ்கோர் புக் பக்கங்களை முழுக்கப் படித்தேன். நீ ஒன்-டவுன் கேட்பதற்கு நியாயமான காரணம் அதில் இருக்கிறது. ஆனால் அது நீ கோச்சிடம் காட்டிய எண்ணில் இல்லை, வேறு பக்கத்தில் இருக்கிறது. முதலில் அந்த எண் ஏன் நிற்காது என்று பார்ப்போம். அது புரிந்தால்தான் கோச் ஏன் அசையவில்லை என்பதும் புரியும்.

நாலு மேட்ச் போதுமா?

வீட்டிலேயே ஒன்று செய்து பார். 12 துண்டுச் சீட்டு எடுத்து, ஐந்தில் "ஜெயம்" என்றும் ஏழில் "தோல்வி" என்றும் எழுது. மடித்துக் குலுக்கி, பார்க்காமல் நாலை எடு. எத்தனை ஜெயம் வந்தது என்று குறித்துக்கொண்டு திரும்பப் போட்டுக் குலுக்கு. இப்படி நூறு தடவை எடுத்தால் ஏறக்குறைய 15 தடவை, நாலில் மூன்றோ நாலோ ஜெயமாக வரும். 12 சீட்டில் நாலை எடுக்க மொத்தம் 495 வழி. அதில் 75 வழியில் மூன்றுக்குக் குறையாமல் ஜெயம் இருக்கிறது. அதாவது, யார் எந்த இடத்தில் இறங்கினாலும் ஒரு வித்தியாசமும் இல்லை என்றே வைத்துக்கொண்டாலும், உன் பேப்பரில் இருப்பது போன்ற கணக்கு ஏழு தடவைக்கு ஒரு தடவை தானாகவே வந்துவிடும்.

நாலு மேட்சில் ஒரே ஒரு முடிவு மாறினால் 75 என்பது 50 ஆகிவிடும். சதவீதமாக எழுதும்போது இது கண்ணுக்குத் தெரிவதில்லை. அதனால் இவ்வளவு சின்னக் கணக்கைச் சதவீதமாக எழுதாமல் "4-ல் 3" என்றே எழுது. கேட்கிறவருக்கும் அதுதான் நேர்மையாகப் படும்.

அந்த மூன்று ஜெயம் எப்படி வந்தது?

இதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. நீ ஒன்-டவுன் இறங்கி ஜெயித்த மூன்று மேட்சையும் திரும்பப் பார். மூன்றிலும் எதிரணி முதலில் ஆடி 74, 88, 63 ரன்னுக்கு ஆல் அவுட். 30 ஓவரில் 75 ரன்னோ 89 ரன்னோ எடுக்க வேண்டிய மேட்சில் ஒன்-டவுன் யார் என்பது பெரிதாக ஒன்றையும் மாற்றாது. அந்த மூன்றையும் ஜெயித்துக் கொடுத்தவர்கள் உங்கள் பௌலர்கள்.

இப்போது 12 மேட்சையும் இரண்டாகப் பிரி. எதிரணி 90-ஐத் தாண்டாத மேட்ச் மொத்தம் நாலு. அதில் மூன்றில் நீ ஒன்-டவுன், ஒன்றில் ஆறாவது. நாலையும் ஜெயித்திருக்கிறீர்கள். எதிரணி 90-ஐத் தாண்டிய மேட்ச் எட்டு. அதில் ஒன்றில் நீ ஒன்-டவுன் இறங்கினாய், அது தோல்வி. ஏழில் ஆறாவது, அதில் ஒன்று ஜெயம். எதிரணியை மடக்கிய நாளில் நீ எங்கே இறங்கினாலும் ஜெயம். மடக்காத நாளில் எங்கே இறங்கினாலும் பெரும்பாலும் தோல்வி. 75-க்கும் 25-க்கும் இருந்த பெரிய இடைவெளி, இப்படிப் பிரித்ததும் காணாமல் போய்விடுகிறது.

இன்னொன்றையும் யோசி. அந்த மூன்று நாளில் உன்னை ஏன் மேலே அனுப்பினார்? டார்கெட் சின்னது, பயம் இல்லை, வழக்கமாகக் கீழே இறங்குகிற பையனுக்கு ஒரு வாய்ப்பு கொடுப்போம் என்று அனுப்பியிருக்கலாம். ஸ்கூல் கோச்கள் நிறையப் பேர் அப்படிச் செய்வார்கள், நல்ல எண்ணத்தில்தான். அப்படியானால் நீ மேலே இறங்கியதால் ஜெயம் வரவில்லை. ஜெயம் ஏறக்குறைய உறுதியான பிறகு நீ மேலே அனுப்பப்பட்டாய். உன் பேப்பர் இதைத் தலைகீழாகச் சொல்கிறது. அன்றைக்கு அனுப்பியவர் அவர். பேப்பரைப் பார்த்ததும் அவருக்கு அது தெரிந்திருக்கும்.

கேப்டனின் ஃப்ரெண்ட் விஷயத்துக்கும் வருகிறேன். எதிரணி 90-ஐத் தாண்டியும் நீங்கள் ஜெயித்த ஒரே மேட்ச், சீசனின் முதல் மேட்ச். அன்றைக்கு அந்தப் பையன்தான் ஒன்-டவுன் இறங்கி 40 பந்தில் 41 அடித்திருக்கிறான். கோச் மனதில் நிற்பது அந்த இன்னிங்ஸாக இருக்கலாம். நட்புக்காக இடம் கிடைத்தது என்று சொல்ல ஸ்கோர் புக்கில் எதுவும் இல்லை. அந்தப் பேச்சை யாரிடமும் எடுக்காதே.

ஓவர் மிச்சமா, விக்கெட் மிச்சமா?

பேட்டிங் ஆர்டர் சரியா என்று பார்க்க ஜெயம், தோல்வி உதவாது. அதில் பௌலிங், ஃபீல்டிங், டாஸ், எதிரணியின் பலம் எல்லாம் கலந்து கிடக்கிறது. ஒரு அணியின் பேட்டிங்கைப் பார்க்கச் சொன்னால் நான் முதலில் கேட்பது, இன்னிங்ஸ் முடியும்போது மிச்சம் இருந்தது ஓவரா, விக்கெட்டா என்று. ஓவர் மிச்சம் இருக்க ஆல் அவுட் ஆகிறார்கள் என்றால் மேலே நின்று ஆட ஆள் இல்லை. ஓவர் முடிந்தும் ஐந்தாறு விக்கெட் கையில் இருக்கிறது, ஸ்கோர் மட்டும் ஏறவில்லை என்றால் மேலே அடித்து ஆட ஆள் இல்லை. முதல் நோய்க்கு நின்று ஆடுகிறவன் மேலே வர வேண்டும். இரண்டாவதில் அதே பையனை மேலே அனுப்பினால் பந்துகளைத் தின்று நிலைமையை இன்னும் மோசமாக்குவான்.

உங்கள் அணிக்கு இருப்பது முதல் நோய். நீ ஆறாவதாக இறங்கித் தோற்ற ஆறு மேட்சில் ஐந்தில், 30 ஓவர் முடியும் முன்பே ஆல் அவுட். அந்த ஐந்திலும் முதல் 10 ஓவருக்குள் மூன்று விக்கெட் போயிருக்கிறது.

எதிரணி 141 எடுத்த மேட்சை எடுத்துக்கொள்வோம். நீங்கள் 24.2 ஓவரில் 108-க்கு ஆல் அவுட்; 33 ரன்னில் தோல்வி. 30 ஓவருக்கு 180 பந்து. ஆடியது 146. ஆடாமலே போன பந்து 34. நீ எந்த ஓவரில் இறங்கினாய் என்று புக்கில் நேராக எழுதவில்லை, ஆனால் கண்டுபிடிக்கலாம். விக்கெட் விழுந்த வரிசையில் நாலாவது விக்கெட்டுக்கு நேரே 47 என்று இருக்கிறது. ஓவர் வாரியான மொத்தத்தில் 10-ஆவது ஓவர் முடிவில் 45, 11-ஆவதின் முடிவில் 49. ஆக, நீ இறங்கியது 11-ஆவது ஓவரில். அதற்குப் பிறகு 38 பந்து ஆடி 27 நாட் அவுட். மறுபக்கம் ஆள் தீர்ந்துவிட்டது. இதே வேலையை மற்ற மேட்ச்களுக்கும் செய். நீ இறங்கிய ஓவர், ஆடிய பந்து, அவுட்டா இல்லையா, அணி எத்தனை ஓவர் ஆடியது, இவ்வளவு போதும். பேட்ஸ்மேன் வரிசையில் சில ஸ்கோரர்கள் டாட் பாலைக் குறிக்காமல் விட்டுவிடுவார்கள். பந்து எண்ணிக்கை இடித்தால் பௌலர் கட்டங்களோடு ஒப்பிட்டுச் சரி பார்.

அப்படி எண்ணிப் பார்த்ததில், ஆறாவது இடத்தில் எட்டு இன்னிங்ஸில் 168 பந்து ஆடி நாலு தடவைதான் அவுட் ஆகியிருக்கிறாய். ஒரு அவுட்டுக்கு 42 பந்து. அதே எட்டு மேட்சில் ஒன்-டவுன் பையன் 96 பந்து ஆடி எட்டு தடவையும் அவுட், அதாவது 12 பந்து. அந்த 41 ரன் இன்னிங்ஸின் 40 பந்தை எடுத்துவிட்டால் மற்ற ஏழுக்கும் சேர்த்து 56 பந்துதான்.

இதை வைத்து உடனே கோச்சிடம் ஓடாதே. அவன் இறங்கும்போது பந்து புதுசு, எதிரணியின் வேகமான இரண்டு பேர் போட்டுக்கொண்டிருப்பார்கள். நீ இறங்கும்போது பந்து தேய்ந்து, ஸ்பின்னர்கள் வந்திருப்பார்கள். இரண்டும் ஒரே வேலை இல்லை. எந்தப் பந்து, எந்த பிட்ச், எந்த நேரம் என்பதை வைத்துத்தான் ஆர்டரே போடுகிறார்கள். 1937 ஜனவரியில் மெல்போர்ன் டெஸ்டில் மழையில் நனைந்த பிட்ச்சில் ஆட வேண்டி வந்தபோது, பிராட்மேன் ஆர்டரைத் தலைகீழாக்கிக் கடைசி பேட்ஸ்மேன்களை முதலில் அனுப்பினார். பிட்ச் காய்ந்த பிறகு தான் ஏழாவதாக இறங்கி 270 அடித்தார். ஏழாவது இடத்தில் 270 வந்ததால் அவருக்குச் சரியான இடம் ஏழு என்று யாரும் முடிவு கட்டவில்லை. உன் 42-ஐயும் அதே எச்சரிக்கையோடு பார்க்க வேண்டும்.

அப்படியானால் புது பந்தில் நீ நிற்பாய் என்பதற்குச் சாட்சி இருக்கிறதா? ஒன்று இருக்கிறது. உன் பேப்பரில் தோல்விக் கணக்கில் போன மேட்ச்தான் அது. ஒன்-டவுன் இறங்கி ஜெயித்த மூன்றிலும் நீ 8-ஆவது ஓவருக்குப் பிறகுதான் உள்ளே போயிருக்கிறாய். புது பந்தைப் பற்றி அவை எதுவும் சொல்லாது. தோற்ற மேட்சில் 3 ரன்னுக்கு முதல் விக்கெட் போய், இரண்டாவது ஓவரிலேயே இறங்கி 52 பந்தில் 34 எடுத்திருக்கிறாய். முதல் 10 ஓவரில் அந்த ஒரு விக்கெட் மட்டும்தான் போயிருக்கிறது. அணி 30 ஓவரும் ஆடி 8 விக்கெட்டுக்கு 121. இந்த சீசனில் தோற்ற மேட்ச்களில் அதுதான் உங்கள் அதிக ஸ்கோர். எதிரணி 28-ஆவது ஓவரில் அதை எடுத்துவிட்டது, அது பேட்டிங்கின் குற்றமில்லை. ஒரே ஒரு இன்னிங்ஸ் என்பதால் இதுவும் முடிவான சாட்சி ஆகாது. ஆனால் ஒரு வாய்ப்பு கேட்க இது போதும்.

கோச்சிடம் எப்படிக் கேட்பது?

எல்லார் முன்னாலும் பேப்பரை நீட்டினால், எதிரில் நிற்கிற பெரியவர் உன் கணக்கைப் பார்க்க மாட்டார். பையன்கள் தன்னைப் பார்ப்பதைத்தான் பார்ப்பார். அவர் உன்னை அப்படி மடக்கிப் பேசியதும் சரியில்லை, அதை நான் நியாயப்படுத்த மாட்டேன். இந்தத் தடவை பிராக்டிஸ் முடிந்து கிட் கட்டி முடிக்கும் நேரத்தில், தனியாகப் போ. "சார், அன்னைக்கு எல்லார் முன்னாடியும் கேட்டுட்டேன், தப்பா எடுத்துக்காதீங்க. அஞ்சு நிமிஷம் பேசலாமா?" என்று ஆரம்பி.

அரைப் பக்கத்துக்கு மேல் எழுதாதே. ஐந்து மேட்சில் ஓவர் மிச்சம் இருக்க ஆல் அவுட் ஆனோம், எத்தனை பந்து வீணாகப் போனது, அந்த 52 பந்து இன்னிங்ஸ், அவ்வளவுதான். அந்தப் பையனின் 12 பந்துக் கணக்கை அதில் எழுதவே எழுதாதே. அது கோச்சுக்கே தெரியும். நீ எழுதினால் ஒரு கூட்டாளியைக் கவிழ்க்க வந்தவனாகத் தெரிவாய். அவன் 40 பந்தில் 41 அடிக்கிறவன். கடைசி பத்து ஓவரில் அப்படிப்பட்ட ஆள் இருந்தால் அணிக்கு நல்லதுதான். "அவனுக்குப் பதில் நான்" என்று கேட்காமல், இரண்டு பேரும் இடம் மாறி ஆடிப் பார்க்கலாமா என்று கேள். இதைக் கேப்டனிடமும் அந்தப் பையனிடமும் முன்கூட்டியே நீயே சொல்லிவிட்டால், கேப்டன் பேசாமல் இருப்பதும் பாதி சரியாகிவிடும்.

லீக் மேட்ச் வேண்டாம். மூன்று பிராக்டிஸ் மேட்ச் கேள். எதைப் பார்த்து முடிவு செய்வது என்றும் முன்பே பேசிக்கொள். நீ எவ்வளவு ரன் எடுத்தாய் என்பதைவிட, 10 ஓவர் முடியும்போது எத்தனை விக்கெட் போயிருந்தது, அணி 30 ஓவரும் ஆடியதா என்பதை வைத்துக்கொள்ளலாம். அதற்கு முன்னால், நெட்டில் ஓபனிங் பௌலர்களைப் புது பந்தில் ஆட ஒரு வாரம் இடம் கேள். கோச் எண்ணை நம்பாவிட்டாலும் கண்ணால் பார்ப்பதை நம்புவார்.

இப்படி வாய்ப்பு கேட்டு வாங்கியவர்களில் உனக்குத் தெரிந்தவரே இருக்கிறார். 1994 மார்ச் 27 அன்று ஆக்லாந்தில் சித்துவுக்குக் கழுத்துப் பிடித்துக்கொண்டதால்தான் சச்சின் ஒருநாள் போட்டியில் முதல் தடவை ஓபனிங் இறங்கினார். அந்த ஒரு வாய்ப்புக்காகக் கெஞ்சிக் கேட்டதாகவும், சரியாக வராவிட்டால் மறுபடி கேட்க மாட்டேன் என்று சொன்னதாகவும் அவரே பின்னால் சொல்லியிருக்கிறார். அன்றைக்கு 49 பந்தில் 82 எடுத்தார்.

அப்பாவின் லெட்டர்

இதை அப்பாவிடமும் காட்டு. ஸ்கூல் டீமில் யார் எந்த இடத்தில் இறங்குவது என்பது கோச்சும் கேப்டனும் முடிவு செய்யும் விஷயம். அதில் பெற்றோரோ பிரின்சிபாலோ தலையிடாமல் இருப்பதுதான் நல்லது. லெட்டர் போனால் பிரின்சிபால் கோச்சைக் கூப்பிட்டு விளக்கம் கேட்பார். அதற்குப் பிறகு கோச் உன்னை மேலே இறக்கினாலும் பயந்து இறக்கினார் என்றாகும், இறக்காவிட்டாலும் பழிவாங்கினார் என்றாகும். இரண்டுமே உனக்கு நஷ்டம். பையன்களைத் தொடர்ந்து மட்டம் தட்டுகிறார், கெட்ட வார்த்தை பேசுகிறார், கை வைக்கிறார் என்றால் விஷயமே வேறு. அப்போது அப்பா தயங்காமல் பள்ளியில் புகார் கொடுக்க வேண்டும். நீ எழுதியதில் அப்படி எதுவும் இல்லை.

கோச் முடியாது என்று சொல்லவும் வாய்ப்பு உண்டு. அப்போது இந்த சீசன் முழுக்க ஆறாவதாகத்தான் ஆட வேண்டியிருக்கும், அங்கேயும் உனக்கு வேலை இருக்கிறது. அந்த 141 மேட்சில் கடைசி மூன்று விக்கெட்டும் விழும்போது நீ ரன்னர் முனையில் நின்றிருக்கிறாய். மூன்று தடவையும் ஓவரின் முதல் இரண்டு பந்துக்குள் சிங்கிள் ஓடி, ஒன்பதாவது, பத்தாவது, பதினொன்றாவது ஆட்களைப் பந்தின் முன்னால் நிறுத்தியிருக்கிறாய். ஏழு விக்கெட் போன பிறகு முதல் நாலு பந்தை நீயே ஆடு, பவுண்டரியோ இரண்டோ கிடைத்தால் எடு, சிங்கிளை ஐந்தாவது அல்லது ஆறாவது பந்துக்கு வைத்துக்கொள். ஆறாவதில் ஓடினால் அடுத்த ஓவரும் உன்னுடையது. ஐந்தாவதில் ஓடினால் மற்றவன் ஒரு பந்து தாக்குப்பிடித்தால் போதும், அடுத்த ஓவர் மறுபடி உன்னிடம் வந்துவிடும்.